கொழுந்தியாளின் சேனலுக்கு நான் எழுதிய அறிவிப்பு

என் கொழுந்தியாளை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். கத்தியோ கம்போ எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நாலு பத்தி எழுதினேன், அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணிக்குப் பதிவு போனது. எட்டே காலுக்குள் முதல் ஆழ்ந்த இரங்கல் வந்துவிட்டது.

எங்கள் வீடு மீனாட்சிபுரத்தில். மாநிலம் கேரளம், பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு. நான் எல்லை தாண்டிப் பொள்ளாச்சியில் தமிழில் படித்தவன். மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவேன், சண்டைகூடப் போடுவேன். படிக்க மட்டும் வராது. ரஷ்யாவில் பனி எப்படி விழும் என்று மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்துத் தெரிந்துவைத்திருக்கும் எனக்கு, எதிரே வந்து நிற்கும் பேருந்து சித்தூர் போகிறதா கோவிந்தாபுரம் போகிறதா என்று தெரியாது. பல வருடங்களாக அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பக்கத்தில் நிற்பவரிடம், "கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியலீங்க, இது எந்த வண்டிங்க?" என்று கேட்பேன். எனக்குத் தூரப்பார்வையில் ஒரு குறையும் கிடையாது.

இப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு என்பதை முதலில் கவனித்தவள் என் மனைவியின் தங்கை. இரண்டு தெரு தள்ளி வீடு. இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தவள். மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். டியூஷனுக்குக் கூட்டிவரும் அப்பா அம்மாக்கள் பள்ளிக்கூடத்து நோட்டீஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இதுல என்ன போட்டிருக்குதுங் டீச்சர்?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பேச வரும், படிக்க வராது என்று இருக்கிற பெரியவர்களுக்குத் தமிழில் விளக்கி மலையாள எழுத்துச் சொல்லித்தர யூடியூப்பில் ஒரு சேனல். அ, ஆ என்று ஆரம்பிக்காமல் பஸ் போர்டில் ஆரம்பிப்பது. ஒரு வீடியோவுக்கு ஒரு போர்டு. சேனலின் பெயர், 'போர்டு படிக்கலாம்'.

கோடை விடுமுறையில் டியூஷனை நிறுத்திவிட்டு, ஜன்னலோரம் போனை நிறுத்திவைத்து எட்டு வீடியோ எடுத்துமுடித்தாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். டியூஷனை விட்டுவிட்டு இதென்ன வேலை என்று அவர் கேட்டதற்கு இவளே ஒரு கெடு சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஐம்பது பேர் சப்ஸ்கிரைப் செய்யவேண்டும். செய்யாவிட்டால் சேனலை அழித்துவிட்டு, பேசாமல் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போய்விடுவாள்.

ஐம்பது பேருக்கு எங்கே போவது? ஊருக்கெல்லாம் தெரியவேண்டுமென்றால் ஒரே இடம்தான்: பால் சொசைட்டியின் வாட்ஸப் குரூப். மாடு வைத்திருக்கிற அத்தனை வீடும் அதில் இருக்கிறது. தீவன மூட்டை வந்தது, டாக்டர் வருகிறார், யார் வீட்டுக் கன்று அவிழ்த்துக்கொண்டு ஓடியது, எல்லாம் அதில்தான். ஆனால் செக்ரட்டரி கண்டிப்பானவர். சொந்த விளம்பரம் எதுவானாலும், யார் போட்டாலும், மாதம் ஒரு தடவைதான். புடவை வியாபாரம் செய்கிற ஒரு பெண்மணி ஒரே நாளில் முப்பது புடவை போட்டதிலிருந்து இந்தச் சட்டம்.

ஆக, கிடைத்தது ஒரே ஒரு பதிவு. அதை எழுதித்தரச் சொல்லி என்னிடம் வந்தாள். சிறுபத்திரிகைகளில் என் கட்டுரைகள் சில வந்திருக்கின்றன என்பதால் ஊரில் எனக்கு எழுத்தாளர் என்று பெயர். கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் கேட்டு வருவார்கள். எழுதிக்கொடுத்தால் பிரஸ்காரர் அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொள்வார். இங்கே பிரஸ்காரர் கிடையாது. நான் இதை ஒரு வாய்ப்பாகக் கண்டேன்.

"மாமா, என்ன சேனலு, எப்ப வருமுன்னு சுருக்கமா எழுதிக் குடுங்க, போதும்" என்றாள்.

"சுருக்கமா எழுதறதுக்கு நான் எதுக்கு அம்மிணி?" என்றேன். அந்தக் கேள்வியில் இருந்த உண்மை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எழுதினேன். முதல் பத்தியை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். மறக்க முயன்றும் முடியவில்லை. "இருளிலிருந்து ஒளிக்கு ஓர் எளிய பெண்ணின் பயணம் இன்று தொடங்குகிறது. எல்லைகள் அவளைத் தடுக்கவில்லை. மொழிகள் அவளைப் பிரிக்கவில்லை. இனி அவள் குரல் உங்கள் இல்லங்களில் என்றென்றும் ஒலித்துக்கொண்டிருக்கும்." இரண்டாம் பத்தியில் மொழி ஒரு நதி என்றேன். மூன்றாம் பத்தியில் அந்த நதியில் ஓர் ஓடம் விட்டேன். நான்காம் பத்தியில் 'எழுத்தறியாமை என்னும் அந்தகாரம்' வந்தது. எப்போது வீடியோ வரும் என்பதற்கு, 'காலம் கனியும்போதெல்லாம்' என்று போட்டேன். லிங்க் கடைசியில். கூடவே ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்குமென்று, ஏதோ விழாவில் அவள் குத்துவிளக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தை எடுத்து, போனிலேயே சுற்றிலும் ஒரு பூ பார்டர் வைத்தேன்.

எங்கள் குரூப்பில் நீளமான பதிவு ஒரே ஒரு காரணத்துக்குத்தான் வரும். படத்தோடு, அதுவும் விளக்கோடு வந்தால் சந்தேகமே வேண்டாம். பார்த்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். 'பயணம்', 'ஒளி', 'என்றென்றும்' என்று மூன்று சொற்களைப் பார்த்தார்கள். அதற்குமேல் 'மேலும் படிக்க' என்று நீல எழுத்து வந்துவிட்டது. அதை அழுத்தி யார் படிக்கப்போகிறார்கள்? துக்கத்தில் இருக்கும்போது படிக்க மனசு வருமா?

முதல் இரங்கலைப் போட்டவர் சொசைட்டியில் பால் அளக்கிறவர். அவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து மற்றவர்கள். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக நின்றன. 'சின்ன வயசு' என்றார் ஒருவர். 'சாயங்காலங்கூட பால் ஊத்த வந்துச்சே' என்றார் இன்னொருவர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தூரத்து உறவு என் மனைவிக்குப் போன் செய்து, எடுப்பது எத்தனை மணிக்கு என்று கேட்டது.

என் மனைவி போனை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற தங்கச்சிய என்ன பண்ணிப்போட்டீங்க?"

மறுநாள் காலையில் கொழுந்தியாள் வழக்கம்போல் பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். பால் அளக்கிறவர் லாக்டோமீட்டரைக் கையிலேயே பிடித்தபடி வாயைத் திறந்து நின்றாராம். "சாமி, நீயா?" என்று ஒரு பெரியம்மா அவள் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடு இருக்குது" என்று எல்லோருக்கும் அறிவித்தாராம்.

நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுவாள் என்று பயந்தேன். கேனை வாசலில் வைத்தாள், சிரித்தாள், சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நூத்துக்கும் மேல மெசேஜுங் மாமா. ஒரு சப்ஸ்கிரைபர்."

"யாரு அது?"

"நீங்கதானுங்க."

போனைத் திறந்து காட்டினாள். அவளுடைய சேனலின் கணக்கில் ஒன்று என்று நின்றது. பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. இந்த மாதத்துக்கு எங்களுக்கு இருந்த ஒரே பதிவையும் நான் இழவுச் செய்தியாக்கித் தீர்த்துவிட்டேன். அடுத்த மாதம் பதிவு போடலாம்தான், ஆனால் அதற்குள் கெடு முடிந்துவிடும்.

நான் செக்ரட்டரியைப் பார்க்கப் போனேன். தீவன மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இன்னொரு பதிவுக்கு அனுமதி வேண்டும் என்றேன்.

"ரூல் ரூல்தானுங்களே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா, செத்துப்போனதா போட்ட ஆளு உசுரோட இருக்குதுன்னு போடறது விளம்பரத்துல வராதுங்க. அது திருத்தம். திருத்தம் ஒண்ணு போட்டுக்குங்க. ஆனா ஒண்ணு, போன் திரைக்குள்ள முழுசும் அடங்கோணும். அந்த நீலக் கலர் எழுத்து வந்துதுன்னா நானே அழிச்சுப்போடுவேன்."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டு அடுக்களையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மனைவி அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் போனில் தட்டச்சு செய்ய, நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்ன முதல் வாக்கியம்: "காலமெல்லாம் நம்மோடு உறவாடும் மொழி..."

"மறுக்கா சாகடிக்கறாரு பாரு" என்றாள் மனைவி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரிங் மாமா, இப்ப நீங்க எழுத்தாளரில்ல" என்றாள் கொழுந்தியாள். "நீங்க மாட்டுக்காரரு. பால் ஊத்திப்போட்டு வந்து உக்காந்திருக்கறீங்க. போன் கிணுங்குது, எடுத்துப் பாக்கறீங்க. மொதல்ல உங்குளுக்கு என்ன தெரியோணும்?"

"இது என்னன்னு."

"என்னன்னு சொல்லுங்க."

"மலையாளம் படிக்கச் சொல்லித்தர்ற சேனல்."

"யாருக்கு?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முந்தைய பதிவில் நான் அவர்களை 'எழுத்தறியாமை என்னும் அந்தகாரத்தில் உழல்வோர்' என்று எழுதியிருந்தேன். அதை யாரும் படிக்காமல் இரங்கல் தெரிவித்தது ஒருவகையில் நல்லதாயிற்று. படித்திருந்தால் சேனல் உண்மையிலேயே செத்திருக்கும். ஏனென்றால் அந்த உழல்வோரில் நானும் ஒருவன். என்னை யாராவது அப்படிச் சொன்னால் நான் சப்ஸ்கிரைப் செய்யமாட்டேன். கல்லெடுப்பேன்.

"பேச வரும், படிக்க வராதுங்கறவங்களுக்கு" என்றேன், கொஞ்சம் மெதுவாக.

"அதைத்தானுங் மாமா நான் மொதல்லயே கேட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அதை முதல் வரியாக்கினாள்.

அடுத்தது நேரம். 'காலம் கனியும்போதெல்லாம்' என்பதற்கு விடை கொடுத்தோம். தினமும் ஒன்று என்று போட்டால் சுறுசுறுப்பாக இருக்குமே என்றேன். மனைவி தலை நிமிர்ந்தாள்.

"எட்டு வீடியோதான இருக்குது? தினமும்னா எட்டு நாள்ல தீந்துபோகும். ஒம்பதாவது நாளு என்ன பண்றது, இன்னொருக்கா இரங்கலா?"

எட்டை வாரத்துக்கு இரண்டாக வைத்தால் ஒரு மாதம் வரும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். புதனும் சனியும் என்று முடிவாயிற்று. மணி? ஆறு மணிக்குப் பால் சொசைட்டியில் வரிசை. ஏழுக்குத் திரும்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி உட்கார ஏழரையாகிவிடும். வீடியோக்களை முன்கூட்டியே ஏற்றி, அந்தந்த நாள் ஏழரை மணிக்குத் தானாக வெளியாகும்படி அப்போதே குறித்துவைத்தாள். அவள் மறந்தாலும் அது மறக்காது.

கடைசியாக வந்தது பெரிய கேள்வி. எதற்காக சப்ஸ்கிரைப் செய்யவேண்டும்?

"ஆதரவு தாருங்கள்னு போடலாம்" என்றேன்.

"ஓட்டா கேக்கறீங்க?" என்றாள் மனைவி.

"உங்குளுக்கு என்னத்துக்கு ஆதரவுங் மாமா? அவங்குளுக்கு என்ன கெடைக்குமுன்னு சொல்லோணும்." கொழுந்தியாள் போனைக் கீழே வைத்தாள். "நீங்க எதுக்குங் மாமா சப்ஸ்கிரைப் பண்ணுனீங்க?"

"நீ கொழுந்தியா. பண்ணாட்டி உங்கக்கா சோறு போடுவாளா?"

"அதில்ல. நெசமாலும் சொல்லுங்க."

நான் உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டேன். "அம்மிணி, நான் பாக்கறேங்கறது மத்தவங்குளுக்குத் தெரியுமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கண்ணாடி துடைக்கும் ரகசியம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவள் பார்வையைப் பார்த்தால், முதல் மாதமே தெரிந்திருக்கிறது.

"தெரியாதுங் மாமா" என்றாள் கொழுந்தியாள். என் போனை வாங்கி யூடியூப் அமைப்புகளுக்குள் போய்க் காட்டினாள். நான் எந்தெந்த சேனலுக்கு சப்ஸ்கிரைப் செய்திருக்கிறேன் என்பது மூடித்தான் இருந்தது. நாமாகத் திறந்துவிட்டாலொழிய மற்றவர்களுக்குத் தெரியாது. "குரூப்புல யாரும் பதில் போடவும் வேண்டாம், தெருவுல யாருகிட்டயும் சொல்லவும் வேண்டாம்" என்று சொன்னவள், திடீரென்று போனை எடுத்து வேகவேகமாகத் தட்டினாள்.

இன்னொரு காரணத்தை செக்ரட்டரியின் சட்டமே கொடுத்தது. பாடம் ஒன்றன்மேல் ஒன்றாக வருவது. ஒன்றை விட்டால் அடுத்தது புரியாது. குரூப்பில் வாரா வாரம் ஞாபகப்படுத்தவும் முடியாது. ஆக, சப்ஸ்கிரைப் செய்து பக்கத்திலுள்ள மணிப் படத்தை அழுத்தி 'எல்லாம்' என்று வைத்தால்தான் புதுப் பாடம் வந்தது போனில் தெரியும்.

கடைசியில் போனது இதுதான்:

"நான் நலம். முந்தைய பதிவை மறந்துவிடுங்கள்.
மலையாளம் பேச வரும், படிக்க வராதா? பஸ் போர்டு, ரேஷன் கடை நோட்டீஸ், ஆஸ்பத்திரி போர்டு படிக்க, தமிழில் பத்து நிமிடப் பாடம்.
புதன், சனி சாயங்காலம் 7.30 மணி. பால் ஊற்றிவிட்டு வந்து பார்க்கலாம்.
பாடங்கள் தொடர்ந்து வரும். இந்தக் குரூப்பில் மறுபடி சொல்லமாட்டேன். சப்ஸ்கிரைப் செய்து மணியை அழுத்தினால் உங்கள் போனுக்குத் தகவல் வரும். காசு இல்லை. நீங்கள் படிப்பது யாருக்கும் தெரியாது.
சேனல்: போர்டு படிக்கலாம்."

கீழே லிங்க். படம் வேண்டவே வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். நான் 'நான் நலம்' என்பதற்கு முன்னால் ஓர் உவமை போடலாமா என்று கேட்டேன். கொழுந்தியாள் அதற்குள் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

போட்ட பிறகு குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. இரங்கலுக்குக் கைகூப்பிய நூறு பேரில், உயிரோடு வந்ததற்கு ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பால் அளக்கிறவர் மட்டும், 'சந்தோஷம், நாளைக்குத் தீவனம் வருது' என்று போட்டார். பக்கத்து வீட்டுத் தென்னந்தோப்புக்காரர் என்னை டீக்கடையில் பார்த்து, "நம்மளுக்கெல்லாம் எதுக்குங்க அது? தெரியாதவங்குளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தியாள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

முதல் புதன் ஏழரை மணிக்கு முதல் பாடம் வெளியானது. எட்டு மணிக்கு மனைவி கொல்லைப்பக்கமிருந்து என்னைச் சத்தமில்லாமல் கூப்பிட்டாள். தோப்புக்காரர் வீடு மதிலுக்கு அந்தப்பக்கம். அங்கிருந்து கொழுந்தியாளின் குரல் வந்துகொண்டிருந்தது. கூடவே, கனத்த தொண்டை ஒன்று எழுத்து எழுத்தாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க" என்று மனைவி என் வாயைப் பொத்தினாள். "கேட்டுதுன்னா ஆஃப் பண்ணிப்போடுவாரு."

சேனலின் கணக்கு மெல்ல மெல்ல ஏறியது. வெளியே ஒரு பேச்சும் கிடையாது. சொசைட்டி வரிசையில் நின்றவர்கள் அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தத் தலைகளில் எத்தனை அவளுடைய பாடத்தைப் பார்த்த தலைகள் என்று சொல்லவே முடியாது. இரண்டாம் வாரம் முப்பதைத் தாண்டி நின்றுவிட்டது. பள்ளி திறக்க நான்கே நாள். டியூஷனுக்குப் பழைய கரும்பலகையைத் துடைத்துவைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது கேரள மலைப்பக்கம் ஏலப்பாறையிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவளோடு கல்லூரியில் படித்தவள். தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்து, லயம் என்கிற வரிசை வீட்டில் இருக்கிற குடும்பம். திருநெல்வேலிப் பேச்சு மலை ஏறியும் மாறாமல் அப்படியே இருந்தது. "ஏ புள்ள, நீ எனக்கு அனுப்புனியே அந்த அறிவிப்பு, அத அப்படியே எங்க லயத்துப் பொம்பளைங்க குரூப்புல போட்டுவிட்டேன் கேட்டியா. ஒருத்தியும் வாயத் தொறக்கல. ஆனா ராத்திரி எந்த லயத்துல பாத்தாலும் ஒன் சத்தந்தாம்டி கேக்குது! பால் ஊத்திட்டு வந்துன்னு போட்டிருக்க, எங்களுக்குப் பால் ஏதுடீ, கொழுந்துதான். அத மட்டும் மாத்திக்கிட்டேன்."

மறுநாள் காலையில் கொழுந்தியாள் கேனோடு ஓடிவந்தாள். பால் தளும்பி வாசலில் சிந்தியது. கணக்கு அறுபதைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் அங்கமாலியிலிருந்து போன் செய்து, லாரிக்காரர்களுக்கு செக்போஸ்ட் போர்டு படிக்க ஒரு பாடம் போடமுடியுமா, நண்பர்கள் கேட்கிறார்கள் என்றாராம். நண்பர்கள் என்று அவர் சொன்னதை நாங்கள் யாரும் தோண்டவில்லை.

பள்ளி திறந்தது, சேனலும் இருந்தது. எனக்குத்தான் ஒரு குறை. இரங்கல் பதிவை எழுதியவன் நான் என்று ஊருக்கே தெரியும். வேலை செய்த பதிவை எழுதியவன் என்று ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஆகவே சொசைட்டிக்குப் போய், தீவனம் விசாரிக்கிற சாக்கில் செக்ரட்டரியிடம் பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன்.

"ரெண்டாவது போஸ்ட்டு பாத்தீங்களாங்க?"

"பாத்தேனுங்க. பளிச்சுனு புரிஞ்சுதுங்க. எங்கூட்டுலகூட..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, "நல்லாருந்துதுங்க" என்றார்.

"அது நான் எழுதுனதுங்க" என்றேன், தூக்கிய மூட்டையை இறக்குபவனைப்போல.

செக்ரட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுல எழுதறதுக்கு என்னங்க இருக்குது?" என்றார். "என்ன போடறாங்க, எப்பப் போடறாங்க, எதுக்குப் பாக்கோணும், அவ்வளவுதானுங்களே. கேட்டா எங்கூட்டு எருமையே சொல்லுமுங்க."